ஓரத்தில் ஓர் ஐ

ஒரு சிறுகதையை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் ஒரே இடத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சிறுபத்திரிகை ஒன்றில் கதைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நண்பர் ஒருவருக்குப் போன மாதம் நான்காவது பிரதியை அனுப்பியிருந்தேன். அவர் போனில் கூப்பிட்டு, "எல்லாம் சரி, அந்தப் பெண் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் ஒரு பத்தி எழுதிக் கொடுக்கிறாளே, அந்த இடம் மட்டும் ஒட்டவில்லை. அதுவரை அவ்வளவு மெதுவாக எழுதுகிறவள் அங்கே மட்டும் எப்படி அப்படி எழுதினாள்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் உண்மையில் அவள் அப்படி எழுதவில்லை. அந்தப் பெண் நான்தான்.

கதை சின்னதுதான். வெளிநாட்டில் படிக்கப் போன தமிழ்ப் பெண். முதல் பருவம் ஒழுங்காகப் போகிறது. இரண்டாம் பருவத்தில் புதிதாக ஒரு பேராசிரியர் வருகிறார். அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையின் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு, இதை இவள் எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறார். கூப்பிட்டு விசாரிக்கிறார். அவ்வளவுதான். இதில் என்ன பொய் சொல்ல இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து எழுத உட்கார்ந்தேன்.

நடந்ததை முதலில் நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஆறு என்ற எண்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அப்புறம் நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. நர்சிங், ஐந்து வருடம் ஆஸ்பத்திரி வேலை. 2014 செப்டம்பரில் பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்க வட இங்கிலாந்தில் ஒரு நகரத்துக்குப் போனேன். போவதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஒன்பதுக்கு மொத்தத்தில் ஆறரை, எழுத்துப் பகுதியில் ஆறு. பல்கலைக்கழகம் கேட்ட குறைந்தபட்சமும் அதுவே. வாசிப்பில் நன்றாக வாங்கியதால்தான் மொத்தம் ஆறரைக்கு வந்தது.

அந்த ஆறு பிறகு என் கதையில் முக்கியமான பாத்திரமாகிவிட்டது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். இரண்டு கேள்வி. முதலாவதற்கு இருபது நிமிடம், இரண்டாவதற்கு நாற்பது என்று ஒதுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டாவதில் இருநூற்றைம்பது வார்த்தை எழுத வேண்டும். நாற்பது நிமிடத்தில் இருநூற்றைம்பது வார்த்தை என்பது ஆங்கிலத்திலேயே யோசிக்கிறவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. எனக்கு அது ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோப்பது மாதிரி. ஆனால் மூவாயிரம் வார்த்தைக் கட்டுரை ஒன்றை மூன்று வாரம் வைத்து எழுதச் சொன்னால் என் கையில் வருவது வேறு ஆங்கிலம். அதில் பிழை தேடினால் கிடைக்காது. கிடைக்காதபடி நான் பார்த்துக்கொள்வேன்.

முதல் பருவத்தில் இருந்த ஆசிரியைக்கு என்னைத் தெரியும். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு நான் போய்ச் சந்தேகம் கேட்பேன். நோட்டைக் காட்டுவேன். வகுப்பில் வாய் திறக்காத பெண் தாளில் இப்படி எழுதுவாள் என்பது அவருக்குப் பழகியிருந்தது. ஜனவரியில் அவர் விடுப்பில் போக, புதியவர் வந்தார். முதல் நாளே எல்லோரும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார். எனக்கு அது வரவில்லை. ‘சார்’ என்றால் அங்கே விசித்திரமாகப் பார்ப்பார்கள். அதனால் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்தேன். அவர் கேள்வி கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி, பாதியில் நிறுத்தி, "மன்னிக்கவும்" என்று முடித்துவிடுவேன். அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அப்புறம் பிப்ரவரி கடைசியில் என் கட்டுரை அவர் கைக்குப் போனது.

மார்ச்சில் மின்னஞ்சல் வந்தது. கட்டுரை பற்றிப் பேச வேண்டும், முடிந்தால் குறிப்புகளை எடுத்து வரவும் என்று மூன்றே வரி. வகுப்பில் வேறு யாருக்காவது அப்படி வந்ததா என்று விசாரித்தேன். வரவில்லை. கூடப் படித்த ஒரு பையன்தான், யார்க்‌ஷயர்க்காரன், விஷயத்தை உடைத்துச் சொன்னான். ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் என் கட்டுரைக்கு ஏழு சதவீதம் வந்திருந்தது. அப்படியானால் எங்கிருந்தும் நகல் எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். அவன் சங்கடமாகச் சிரித்தான். நகல் எடுத்தால் அந்த மென்பொருள் காட்டிவிடும். காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கினால் காட்டாது. அப்படிக் காசுக்கு எழுதி வாங்குவதற்கு ‘காண்ட்ராக்ட் சீட்டிங்’ என்று 2006இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அப்படி எழுதி விற்பது குற்றம் என்று சட்டம் வந்தது 2022இல்தான். நான் படித்தபோது அந்தக் கடைகள் வெளிப்படையாக விளம்பரம் செய்துகொண்டிருந்தன. அதனால் எழுத்தும் ஆளும் பொருந்தவில்லை என்று தோன்றினால், ஒப்புமை எண் குறைவாக இருப்பதே சந்தேகத்தைக் கூட்டும். எழுத்தில் ஆறு, வகுப்பில் மௌனம், கட்டுரையில் ஒரு பிழை இல்லை, ஒப்புமை ஏழு. அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "ஏட்டி, நீதான எழுதுன? பொறவு என்னத்துக்குப் பயப்படுத?" என்றாள். நான் எழுதினேன் என்பதை எதை வைத்துக் காட்டுவது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஊரில் ஒருத்தி நான் செய்தேன் என்றால் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். நான் எழுதியதை அந்த அறையின் சுவர் தவிர யாரும் பார்க்கவில்லை.

டீச்சர் சொல்லிக் கொடுத்த சோதனை

அந்தப் பிழையில்லாத ஆங்கிலம் எப்படி வந்தது என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. நான்கு பிரதியிலும் இதை நான் ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் தப்பு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் கடைசிவரை கையில் சிக்காதது எது என்று கேட்டால் நான் ‘தி’ என்றுதான் சொல்வேன். காலம், வினை எல்லாம் மனப்பாடத்தில் வந்துவிடும். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஏ’, எதற்கு ‘தி’, எதற்கு ஒன்றுமே வேண்டாம் என்பது வரவே வராது. நம் மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. இல்லாத ஒன்றை எங்கே வைப்பது என்று எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் இதற்கு ஒரு வழி சொன்னார். சொல் இல்லாவிட்டாலும் அந்த வித்தியாசம் தமிழில் இருக்கிறது, நீங்கள் தினமும் அதைப் பேசுகிறீர்கள் என்றார். கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார்.

புத்தகம் வாங்கினேன்.
புத்தகத்தை வாங்கினேன்.

"ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது நமக்குள் ஏற்கெனவே பேச்சில் இருக்கிற புத்தகம், நீ சொன்னாயே, அது. "அந்த ஐ வருது பாருங்க, அங்க இங்கிலீஷ்ல ‘தி’ போட்டுப் பாருங்க" என்றார். இரண்டாம் வேற்றுமை உருபு என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஐ அன்றைக்குத்தான் எனக்கு உயிரோடு எழுந்து வந்தது.

இது எல்லா இடத்திலும் வேலை செய்யாது. டீச்சரும் அதை மறைக்கவில்லை. மனிதர்களுக்கு எப்போதும் ஐ வந்துவிடும். ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்றால் தெரிந்த டாக்டராகவும் இருக்கலாம், யாரோ ஒரு டாக்டராகவும் இருக்கலாம். அங்கே ஐயை நம்பக்கூடாது, ‘அந்த’ போட்டுப் பார்க்க வேண்டும். ‘ஒரு புத்தகத்தை எடுத்தேன்’ என்று ஒருவும் ஐயும் சேர்ந்து வந்தால் ஒருவுக்குத்தான் மதிப்பு. பெரிய சிக்கல் எழுவாயில். எழுவாய்க்கு உருபே கிடையாதே, எதை வைத்துச் சோதிப்பது? அதற்கு வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். ‘கைப்பிடி அகற்றப்பட்டது’ என்று இருந்தால் ‘கைப்பிடியை அகற்றினார்கள்’ என்று மனதுக்குள் திருப்பி, ஐ கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்ப முடியாத வாக்கியமாக இருந்தால் அந்தப் பொருளை யாரையாவது பார்க்க வைக்க வேண்டும். ‘கிணறு ஆழமாக இருந்தது’ என்றால், ‘கிணற்றைப் பார்த்தேன்’ என்று சொல்லத் தோன்றுகிறதா, ‘ஒரு கிணறு பார்த்தேன்’ என்று தோன்றுகிறதா? எதற்கும் மசியாதவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். நதிக்கு ‘தி’ உண்டு, ஏரிக்கு இல்லை, காலராவுக்கு இல்லை, பிளேக்குக்கு உண்டு என்று.

நான் முதலில் வேகமாக ஆங்கிலத்தில் ஒரு ஓட்டம் எழுதிவிடுவேன். அதில் ‘தி’ பாதிக்கு மேல் இருக்காது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயர்ச்சொல்லாக நின்று, தமிழில் சொல்லிப் பார்த்து, ஐ கேட்டால் ஓரத்தில் சின்னதாக ‘ஐ’ என்று எழுதுவேன். சந்தேகம் என்றால் சுழித்து வைப்பேன். மூன்றாவது ஓட்டத்தில் அந்தக் குறிகளை எல்லாம் ஆங்கிலமாக மாற்றுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். மூவாயிரம் வார்த்தைக்கு எத்தனை சாயங்காலம் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐ.இ.எல்.டி.எஸ். நாற்பது நிமிடத்தில் எனக்கு முதல் ஓட்டம் மட்டும்தான் முடிந்திருந்தது. அந்த ஆறு, என் முதல் ஓட்டத்துக்குக் கிடைத்த மதிப்பெண்.

தண்ணீர் குடித்தாள்

கட்டுரை 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் வந்த காலராவைப் பற்றியது. பொது சுகாதாரம் படிக்கிறவர்கள் தப்ப முடியாத கதை அது. பிராட் தெருவில் ஒரு கைப்பம்பு. ஆகஸ்ட் கடைசி இரவில் தொடங்கிய நோயில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காற்றில் பரவும் கெட்ட வாடைதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீர்தான் காரணம் என்றார். செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே நோய் குறையத் தொடங்கிவிட்டது, முக்கால்வாசிப் பேருக்கு மேல் தெருவையே காலி செய்துவிட்டார்கள் என்பதையும் ஸ்னோ தானே எழுதி வைத்திருக்கிறார். கைப்பிடியைக் கழற்றியதால் நோய் நின்றது என்று நம்மால் நிரூபிக்க முடியுமா என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த கேள்வி.

பேராசிரியர் அறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன வட்ட மேஜை. என் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் இது உங்கள் மற்ற எழுத்தோடு பொருந்தவில்லை என்று எனக்கு ஒரு கவலை, மேலே எழுதி அனுப்புவதற்கு முன்னால் உங்களிடம் நேரில் கேட்க நினைத்தேன் என்றார். மேலே என்றால் ஒழுங்கு விசாரணைக் குழு. நோட்டை மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம், ஓரமெல்லாம் அவருக்குப் புரியாத கிறுக்கல். எழுதி வாங்கியதை நோட்டில் பார்த்து எழுதினாலும் நோட்டு இப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஹாம்ஸ்டெட் விதவையின் மரணம் ஏன் முக்கியமான சான்று? ஒரு பத்தி போதும். இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்."

என் கதையின் நான்கு பிரதியிலும் இந்த இடத்தில் அவள் அழகாக எழுதிக் கொடுக்கிறாள். அவர் வாயடைத்துப் போகிறார்.

நிஜத்தில் நான் எழுதியது முதல் ஓட்டம். வேறு என்ன எழுத முடியும் இருபது நிமிடத்தில்? விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் இருந்தவர். பிறகு மைல்கணக்கான தூரத்தில் ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபோய்விட்டார். ஆனால் அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினம் ஒரு பாட்டிலில் வண்டியேற்றி வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி காலராவில் இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனில் இருந்த தன் வீட்டுக்குப் போய் இறந்தாள். அவர்கள் இருந்த இரண்டு இடத்திலும் அப்போது காலரா இல்லை. சோஹோவின் காற்று அவர்கள் மேல் படவே இல்லை. தண்ணீர் மட்டும்தான் அங்கே போனது. இதைத்தான் எழுதினேன். ஆனால் தாளில் நாலு இடத்தில் ‘தி’ இல்லை. அதில் ஒன்று, ‘ஷி டிரேங்க் வாட்டர்’. தண்ணீர் குடித்தாள்.

அவர் வாசித்தார். கட்டுரையின் அதே பகுதியைப் புரட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அங்கே ‘தி வாட்டர்’ என்று இருந்தது. அவர் விரல் இரண்டுக்கும் நடுவில் ஒரு முறை போய்வந்தது. முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. வருத்தம்தான் இருந்தது. நான் எழுதியதே எனக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது. எனக்குக் காது அடைத்தது. அப்போது என் வாயிலிருந்து எப்படியோ வந்தது: "நான் இன்னும் முடிக்கவில்லை."

"நேரம் முடிந்துவிட்டதே" என்றார்.

"எழுதி முடித்துவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை" என்றேன். ஆங்கிலத்தில் அதைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியாது. தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு பென்சில் கேட்டேன். கொடுத்தார். முதல் பெயர்ச்சொல்லில் நின்று, உதடு அசைய, தமிழில் சொல்லிப் பார்த்து, ஓரத்தில் ‘ஐ’ போட்டேன். அடுத்தது. அடுத்தது. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வரி போனபிறகு, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார்.

அந்த வருடத்தில் நான் அவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் பேசியது அன்றைக்கு மட்டும்தான். டீச்சரின் புத்தக வாக்கியத்தில் தொடங்கப் போனேன். தொடங்கும் முன்பே எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. "உங்கள் கேள்வியே இந்த எழுத்தில்தான் இருக்கிறது" என்றேன். தண்ணீர் குடித்தாள் என்றால் அதில் ஒன்றும் இல்லை. லண்டனில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீரைக் குடித்தாள் என்றால் அந்தத் தண்ணீரை, பிராட் தெருத் தண்ணீரை. ஸ்னோவின் வாதம் மொத்தமும் இந்த ஐயில் நிற்கிறது. அந்தத் தெருவிலேயே இருந்த மதுவடிப்பு ஆலைத் தொழிலாளிகள் சாகவில்லை. ஏன்? அவர்களுக்கு ஆலையிலேயே பியர் கிடைத்தது, அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஹாம்ஸ்டெட் அம்மாள் இறந்தார். ஏன்? அந்தத் தண்ணீரைக் குடித்தார். என் மொழியில் இந்த வித்தியாசத்தை ஒரு எழுத்து சொல்லிவிடுகிறது. உங்கள் மொழிக்கு மாற்றும்போது ஒவ்வொரு சொல்லிலும் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு நேரம் வேண்டும்.

அவர் தொற்றுநோயியல்காரர். ‘எந்தத் தண்ணீர்’ என்பதைப் புரியவைக்க அவருக்கு வேறு யாரும் தேவையில்லை. என் பழைய நோட்டைத் திரும்பத் திறந்தார். இந்த முறை ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் படித்தார். ஐ போட்ட இடங்களை விரலால் தொட்டு, கட்டுரையில் அதே இடத்தில் ‘தி’ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுழித்து வைத்த இரண்டு இடத்தில் கட்டுரையிலும் தப்பு இருந்ததைக் கண்டுபிடித்தார். பிழையே இல்லை என்று நான் நினைத்திருந்த கட்டுரை! அந்த இரண்டு தப்பும் எனக்குச் சாதகமாகிவிட்டன. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிற ஒருவர் ஐ மசியாத இடத்தில் மட்டும் தவற முடியாது.

நான் மற்ற வரிகளையும் முடித்தேன். மேலும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. முடித்துக் கொடுத்த பத்தி கட்டுரையின் ஆங்கிலமாகவே இருந்தது. கடைசி வாக்கியத்தில் ஒரே ஒரு இடத்தில் பேனாவால் ‘தி’ எழுதினார். விதவைக்கு ஐ போட்டிருந்தேன், அதற்கு முன்னால் இருந்த ‘மரணம்’ என்ற சொல்லுக்குப் போடவில்லை. "இங்கே உங்கள் எழுத்து ஏன் வரவில்லை?" என்றார். எழுவாய், திருப்பிப் போட மறந்துவிட்டேன் என்றேன். தலையாட்டினார். மேலே எதுவும் எழுதி அனுப்பவில்லை.

அவர் கேட்ட இன்னொன்று

எழுந்து கதவருகே வந்தபோது கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நம்புகிறேன். "இந்த இரண்டு பத்தியில் எது உங்கள் ஆங்கிலம் என்று நான் எடுத்துக்கொள்வது?"

இரண்டாவது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்தப் பதில் என்னைக் குத்தத் தொடங்கியது. இன்றுவரை விடவில்லை. அந்த மனிதர் கேட்டதில் தப்பில்லை. கூப்பிட்டுப் பேசாமல் நேராக மேலே அனுப்பியிருந்தால் என் படிப்பே போயிருக்கும். அவர் கூப்பிட்டார், பென்சில் கேட்டபோது கொடுத்தார், காத்திருந்தார். ஆனால் இருபது நிமிடத்தில் ஒருத்தி எழுதுவதுதான் அவள் உண்மையான எழுத்து, மற்றதெல்லாம் அவள் வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று அவர் நினைத்தாரே, அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அதைச் சொல்லத் தெரியவில்லை. என் டீச்சர் வகுப்பில், என் நோட்டின் ஓரத்தில், என் உதட்டசைவில் நடந்ததெல்லாம் என்னுடையதுதான். சரி, அப்படியானால் முதல் ஓட்டம் யாருடையது? அதை ஏன் அவ்வளவு அவசரமாகத் தள்ளிவிட்டேன்? அதில் நாலு ‘தி’ இல்லை. ஆனால் தண்ணீர் மட்டும்தான் அங்கே போனது என்ற அந்த வரி அதில்தான் முதலில் வந்தது. கட்டுரையில்கூட அது இல்லை. பயத்தில், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாளில் பிறந்த வரி.

கதையில் நான் திரும்பத் திரும்பப் பொய் சொன்னதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. அந்த நாலு ‘தி’ இல்லாத தாளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். பேராசிரியர் பார்த்துவிட்டார், வாசகர்களாவது பார்க்க வேண்டாம் என்று. முதல் பிரதியில் அவரை வில்லனாக்கி அந்தத் தாளை மறைத்தேன். இரண்டாவதில் மழையும் பனியும் எழுதி மறைத்தேன். மூன்றாவதில் அக்காவின் பேச்சை நீட்டினேன். நான்காவதில் அவளை மேதையாக்கினேன். நண்பர் போனில் அந்த ஒரு இடத்தைத் தொட்டதும் எல்லாம் கழன்றுவிட்டது.

அந்தத் தாள் அவரிடமே தங்கிவிட்டது. கேட்டு வாங்கத் தோன்றவில்லை. நோட்டு மட்டும் இருக்கிறது. ஓரங்களில் பென்சில் மங்கிப்போய், சில ஐ வெறும் சுழியாகத் தெரிகிறது.

நேற்று ஐந்தாவது முறையாக உட்கார்ந்தேன். மின்னஞ்சல் வந்ததையும் பஸ்ஸில் போனதையும் எடுத்துவிட்டேன். கதை வட்ட மேஜையில் தொடங்குகிறது. அவள் எழுதுகிறாள். இருபது நிமிடம் முடிகிறது. தாள் அவர் பக்கம் போகிறது, ‘தண்ணீர் குடித்தாள்’ என்றே இருக்கிறது. அவர் வாசித்து முடிக்கும்வரை அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். பென்சில் இன்னும் கேட்கவில்லை.